இறங்கத் தெரியாத அபிமன்யு!

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் பெர்லினுக்கு அனுப்பிவைத்தார்கள். போன இரண்டாவது வாரமே, தெருவோரம் நின்ற மின்சார ஸ்கூட்டர்கள் மேல் எனக்கு ஒரு கண். நம்ம ஊர் ஸ்கூட்டர் மாதிரி ஸீட் எல்லாம் கிடையாது. ஒரு பலகை, ஒரு ஹாண்டில்பார். நின்றுகொண்டேதான் போகவேண்டும். சாவியும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. வாடகை சைக்கிள் கடையில் முதலாளி மட்டும் காணாமல் போய்விட்ட மாதிரி!

முதலாளி எங்கேயும் போகவில்லை ஸார். செல்போன் ஆப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆப்பை இறக்கிக்கொண்டேன். போன் நம்பர் கேட்டது. நம்ம ஊர் நம்பரைக் கொடுத்தால், ஓ.டி.பி. அந்த ஸிம்முக்குத்தான் வரும். அதனால் ரோமிங் உயிரோடு இருக்கவேண்டும். அடுத்து கிரெடிட் கார்டு. நம்ம பாங்குகள் தரும் புது கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான வசதி அணைத்துத்தான் இருக்கும். பாங்க் ஆப்பில் நாமே அதை இயக்கிவிடவேண்டும். நான் செய்யவில்லை. இயக்கிவிட்டு மறுபடி முயன்றேன். 'பத்து யூரோ' என்று பாங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. ஆப்போ சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இல்லாமல் இன்னும் இரண்டு தடவை தட்டினேன். இன்னும் இரண்டு எஸ்.எம்.எஸ்.!

"டேய், முப்பது யூரோ போச்சுடா!" என்று அலறினேன்.

"போகலைடா. பிடிச்சு வெச்சிருக்காங்க" என்றான் அறை நண்பன். "சைக்கிள் கடையில வாட்சைக் கழட்டி வெச்சிட்டுப் போவோமே, அந்த மாதிரி."

அவன் சொன்னது சரிதான். அது டெபாஸிட். சவாரி முடிந்ததும் வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். ஆனால் நம் பாங்க் கணக்கில் அது விடுபடச் சில நாள் ஆகும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு டெபாஸிட் என்பதால், அவசரப்பட்டால் கார்டில் இருப்பதெல்லாம் முடங்கிவிடும். ஒரு தட்டல், இரண்டு நிமிடம் காத்திருத்தல். அதுதான் முறை.

பிறகு எல்லாம் சுலபம். ஹாண்டில்பாரில் இருந்த சதுரக் கோட்டுப்படத்தை காமிராவில் காட்டியதும் 'டிங்' என்றது. பலகையில் ஒரு கால் வைத்து, மறு காலால் இரண்டு உந்து உந்தி, வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் பறக்கிறது. ஜெர்மனியில் சட்டப்படி மணிக்கு 20 கிலோமீட்டர்தான் உச்சம். நடைபாதையில் ஓட்டக்கூடாது; டபுள்ஸும் கூடாது.

பன்னிரண்டு நிமிடத்தில் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன். திறக்க ஒரு யூரோ, நிமிடத்துக்கு 25 ஸென்ட். ஆக நாலு யூரோ, சுமார் நானூறு ரூபாய். ஸ்டாண்டு போட்டேன். 'End ride' பட்டனைத் தட்டினேன். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காப்பி சாப்பிடப் போனேன்.

நாற்பது நிமிடம் கழித்து போனை எடுத்தால்... மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது! பன்னிரண்டும் நாற்பதும் ஐம்பத்திரண்டு நிமிடம். பில் பதினாலு யூரோ!

நடந்தது இதுதான். ஆப்பின் வரைபடத்தில் ஆற்றங்கரை முழுக்கச் சிவப்பு. அங்கே சவாரியை முடிக்க முடியாது. நான் தட்டியதற்கு 'இங்கே நிறுத்தக்கூடாது' என்று ஆப் பதில் சொல்லியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. 'P' போட்ட இடம் அறுபதடி தள்ளி! அங்கே உருட்டிக்கொண்டு போய் மறுபடி தட்டினேன். போட்டோ கேட்டது. வண்டி வழியை மறிக்காமல் நிற்பது தெரியும்படி எடுத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் திரையில் 'Ride ended' என்று, நிமிடமும் தொகையும் சேர்ந்து வந்தது.

'End ride' என்பது நாம் போடும் விண்ணப்பம். 'Ride ended' என்பதுதான் சாங்ஷன் ஆர்டர். ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவேண்டாமா?

உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். தடுமாறும். சரியான கட்டத்தில் நின்றாலும் ஆப் ஒப்புக்கொள்ளாது. பத்தடி நகர்ந்து, ஒரு நிமிடம் பொறுத்துத் தட்டினால் சரியாகிவிடும். அப்படியும் மசியாவிட்டால், திரையை மணியோடு படம் எடுத்து, அங்கிருந்தே ஆப்பில் புகார் எழுதிவிடவேண்டும். இன்டர்நெட் அறுந்தாலும் மீட்டர் நிற்காது. 'Pause' என்பதும் முடிவு அல்ல. பூட்டிவைத்தாலும் காசு ஓடும்.

நானும் புகார் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: 'தாங்கள் நிறுத்தியது சிவப்புப் பகுதி.' ஆயிரம் ரூபாய் போனது போனதுதான். முடங்கியிருந்த டெபாஸிட் மட்டும் எட்டாம் நாள் பத்திரமாகத் திரும்பியது.

"வியூகத்துக்குள்ள போகத் தெரிஞ்ச அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியலை" என்றான் நண்பன்.

இப்போது கிளம்பும் முன்பே, இறங்கப்போகும் இடத்தில் 'P' இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால், நடராஜா ஸர்வீஸ்தான்!