டீ ஆறும் கணக்கு

பீங்கான் கோப்பை ஒன்றில் பால் கலக்காத டீ 150 மில்லி ஊற்றி, மேஜைமேல் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் சூட்டை அளப்பதாக வைத்துக்கொள்வோம். மின்விசிறி ஓடவில்லை. அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். முதல் அளவு 80 டிகிரி. அதன்பின் 69, 61, 55, கடைசியாக நாற்பதாம் நிமிடத்தில் 50.5. சாதாரணக் கோப்பை ஒன்று ஏறக்குறைய இப்படித்தான் ஆறும்.

நேரத்தைக் கிடைமட்டத்திலும் வெப்பநிலையைச் செங்குத்திலும் வைத்து இந்த ஐந்து புள்ளிகளைக் கட்டம்போட்ட தாளில் குறித்து இணைத்தால், நேர்கோடு வராது. தொடக்கத்தில் சரிவாக இறங்கி, போகப்போகச் சாய்வு குறைந்து, படுத்துக்கொண்டே போகும் ஒரு வளைகோடு வரும். முதல் பத்து நிமிடத்தில் 11 டிகிரி போனது. நான்காவது பத்து நிமிடத்தில் போனது 4.5 டிகிரிதான். டீ அதே டீ, கோப்பை அதே கோப்பை. குறைந்தது ஒன்றுதான்: டீக்கும் அறைக்கும் இடையில் இருந்த வித்தியாசம்.

இந்த வளைகோட்டைப் படிக்கும்போது பூஜ்ய டிகிரியிலிருந்து பார்க்கக் கூடாது, அறையின் 30 டிகிரியிலிருந்து மேலே பார்க்க வேண்டும். தாளில் 30-க்கு நேராக ஒரு படுக்கைக் கோடு போட்டு, ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: 50, 39, 31, 25, 20.5. ஐம்பது டிகிரி மிகுதி இருபத்தைந்தாக, அதாவது சரிபாதியாக, 30 நிமிடம் ஆகியிருக்கிறது. இந்தப் பாதிநேரம் கோப்பையின் அடையாளம் மாதிரி. அளவு குறைந்த சிறு கிளாஸில் அது குறையும், ஏனென்றால் உள்ளே இருக்கும் டீயோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் பரப்பு அங்கே அதிகம். பிளாஸ்க்கில் அது பல மணி நேரமாக நீளும்.

கோட்டிலிருந்து இன்னொன்றையும் நேரடியாக எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை உணவுக்குழாய்ப் புற்றுநோயை முன்னிட்டு, 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. செங்குத்து அச்சில் 65-லிருந்து குறுக்கே போய் வளைகோட்டைத் தொட்டு, அங்கிருந்து கீழே இறங்கினால் ஏறக்குறைய 15-ஆம் நிமிடத்தில் நிற்போம். நம்மில் பலர் அதற்கு வெகு முன்பே கோப்பையைக் காலி செய்துவிடுகிறோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு மிகுதியோ, அந்த அளவுக்கு ஆறும் வேகம் என்ற விதி நியூட்டனுடையது. 1701-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், பெயர் போடாமல், லத்தீனில் ஒரு கட்டுரையாக அதை எழுதினார். அவர் ஆறவைத்துப் பார்த்தது பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக் கட்டியை. அதை அசைவற்ற காற்றில் வைக்காமல், சீராக வீசும் காற்றில் வைத்தார் என்பதுதான் முக்கியம். காற்று நகர்ந்துகொண்டே இருந்தால், சூடான காற்று கட்டியைச் சுற்றித் தேங்காது. ஒவ்வொரு கணமும் புதிய காற்று வந்து ஒரே விகிதத்தில் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அந்த ஏற்பாட்டில் விதி நன்றாகவே பொருந்தும். காற்றோட்டம் இல்லாத அறையில் திறந்து வைத்த டீக்கு அது அவ்வளவு நன்றாகப் பொருந்தாது.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வகுத்தல் போதும். விதி சரியாக நடந்தால், ஒவ்வொரு மிகுதியையும் அதற்கு முந்தையதால் வகுத்தால் ஒரே விடை வர வேண்டும். நம் எண்களில் 39-ஐ 50-ஆல் வகுத்தால் 0.78. அடுத்து 0.79, பிறகு 0.81, கடைசியில் 0.82. சிறுகச் சிறுக ஏறுகிறது. அதாவது, விதி சொல்வதைவிட வேகமாகத் தொடக்கத்தில் டீ ஆறியிருக்கிறது.

காரணம் கோப்பைக்கு மேலேயே தெரிகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போக, ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிராம், மிச்சமிருக்கும் 150 மில்லியை மூன்று டிகிரிக்கு மேல் குளிரவைத்துவிடும். 80 டிகிரியில் ஆவியாதல் மிக மும்முரமாக நடக்கிறது. 50 டிகிரியில் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. வெப்பநிலை மிகுதி குறையும் வேகத்தைவிட ஆவியாதல் குறையும் வேகம் அதிகம். அதனால்தான் அந்த விகிதம் நகர்கிறது. டீக்கடைக்காரர் கையை உயர்த்தி ஆற்றும்போது செய்வதும் இதைத்தான்: மெல்லிய தாரையாக நீட்டி, பரப்பைப் பெருக்கி, ஆவியை வேகமாக வெளியேற்றுகிறார். மேஜைமேல் பல நிமிடங்களில் இறங்கும் சூடு அவர் கையில் சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. பால் கலந்த டீயில் மேலே படியும் ஆடை இதற்கு நேர்மாறு. ஆவியின் வழியைக் கொஞ்சம் அடைக்கும். சோதனைக்குப் பால் இல்லாத டீ எடுத்தது அதற்காகவே.

காரணம் ஆவியாதல்தானா என்று உறுதிசெய்ய, இன்னொரு கோப்பையை ஒரு தட்டால் மூடிவைத்து அதே அளவுகளை எடுங்கள். வளைகோடு சரிவு குறைந்து வரும். விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கும்.

அளப்பதில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது 42 டிகிரி வாக்கில் நின்றுவிடும். பள்ளி ஆய்வகத்தில் உள்ளதோ, சமையலுக்கு விற்பதோ வேண்டும். முதல் புள்ளி இரண்டாவதைவிடத் தாழ்வாக இருந்தால் டீ சூடேறியதாக அர்த்தமில்லை. தெர்மாமீட்டர் இன்னும் சூட்டைப் பிடித்து முடிக்கவில்லை. அந்தப் புள்ளியை விட்டுவிடலாம். சூடான டீ மேலேயும் ஆறியது அடியிலுமாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு தடவையும் மெதுவாகக் கலக்கிவிட்டு, முனையை ஒரே ஆழத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளைகோட்டில் திடீரென ஒரு முறிவு தெரிந்தால், யாரோ மின்விசிறியைப் போட்டிருப்பார்கள்.

எளிதில் கண்ணில் படாத பிழை அந்த 30 டிகிரிக் கோட்டில் இருக்கிறது. அடிக்கோட்டை உண்மையைவிடத் தாழ்வாகப் போட்டுவிட்டாலும் விகிதங்கள் இதேபோல ஏறும். ஆவியாதலின் மேல் பழி போடுவதற்கு முன் அடிக்கோடு சரியா என்று பார்த்தாக வேண்டும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் இதற்குப் போதாது. காற்று உலர்ந்திருந்தால், திறந்த கோப்பையில் இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அறையைவிட ஓரிரு டிகிரி கீழே போய்த்தான் நிலைகொள்ளும். எனவே அதே மாதிரிக் கோப்பையில் அதே அளவு நீரைச் சில மணி நேரம் முன்னதாகவே பக்கத்தில் திறந்து வைத்து, அதன் வெப்பநிலையையே அடிக்கோடாக எடுத்துக்கொள்வது நல்லது. அது 28 என்று வந்தால் நம் மிகுதிகள் 52, 41, 33, 27, 22.5 ஆகும். விகிதங்கள் 0.79-ல் தொடங்கி 0.83 வரை ஏறும். அடிக்கோட்டைத் திருத்திய பிறகும் ஏற்றம் மறையவில்லை. இப்போது ஆவியாதல்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.