'நீயே எழுதிட்டு வாம்மா... நான் சைன் போடறேன்!'

எம்.பி.பி.எஸ். முடிச்சாச்சு. ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடியப் போகுது. அடுத்து பி.ஜி.! நம்ம ஊரில் படிக்கிறதா இருந்தால் பெரும்பாலான சீட்டுகளுக்கு ஒரே ரூட்தான். நீட் பி.ஜி. எழுதணும், ரேங்க் வாங்கணும், கவுன்சலிங்கில் சீட் எடுக்கணும். 'இவர் ரொம்ப நல்ல டாக்டர்'னு யாராவது கடிதம் கொடுத்தாலும் அதை அங்கே யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க.

ஆனால், அமெரிக்காவில் ரெசிடென்சி பண்ணணும்னு கிளம்பினால் கதையே வேற. அங்கே பரீட்சை மார்க்கோடு சேர்த்து, கூட இருந்து வேலை வாங்கின டாக்டர்களோட சிபாரிசுக் கடிதமும் போகணும். 'ஈராஸ்'ங்கிற ஆன்லைன் விண்ணப்ப முறையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அதிகபட்சம் நாலு கடிதம் அனுப்பலாம். இங்கேதான் நம்ம பசங்க சிக்கிக்கிறாங்க.

ராயபுரம் பக்கத்துல, ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரியையே எடுத்துக்குவோம். வடசென்னைப் பெருசுங்க இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'னு சொல்ற அதே இடம். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டி வாழ்ற ஜனங்களுக்கு இதுதான் பெரிய ஆஸ்பத்திரி. இந்த மாதிரி ஒரு வார்டில் வேலை பார்த்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு, யூனிட் சீஃப்கிட்ட போய் நிற்குதுன்னு வெச்சுக்குங்க. (இது யாரோ ஒருத்தரோட கதை இல்லை. விஷயம் புரியறதுக்காக நாமே கட்டின ஒரு மாதிரி கேஸ்!)

''சார்... ஒரு லெட்டர் வேணும் சார்.''

''அதுக்கென்னம்மா... நீயே எழுதிட்டு வா, சைன் போட்டுத் தர்றேன்.''

நம்ம ஊரில் ரொம்ப சகஜமா கேட்கிற வசனம் இது. சீஃபுக்கு நேரம் கிடையாது. பொண்ணுக்கும் சந்தோஷம்தான். ஆனா, வில்லங்கமே இங்கேதான் ஆரம்பிக்குது.

நீயே எழுதினா என்ன தப்பு?

ஈராஸில் கடிதம் கேட்கும்போதே ஒரு கேள்வி வரும். 'இந்தக் கடிதத்தைப் பார்க்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?' பெரும்பாலானவங்க 'ஆமாம்'னுதான் டிக் பண்றாங்க. அப்பதான் டாக்டர் மனசு விட்டு எழுதியிருப்பார்னு படிக்கிறவங்க நம்புவாங்க. அப்புறம் ஒரு படிவம் வரும். அதில் இருக்கிற அடையாள எண்ணை வெச்சு, கடிதம் எழுதினவரோ அவர் சார்பில் ஒருத்தரோதான் அப்லோடு பண்ணணும். ஆக, தானே எழுதின கடிதத்தை 'நான் பார்க்கலை'ன்னு சொல்றது பச்சைப் பொய்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூணு டாக்டருக்கும் நீங்களே எழுதினால் மூணு கடிதமும் ஒரே குரலில் பேசும். ஒரே அடைமொழி, ஒரே மாதிரி வாக்கியம். நாள் முழுக்க இதையே படிக்கிற ஆளுக்கு, இரண்டாவது கடிதத்திலேயே விஷயம் புரிஞ்சிடும்.

அப்ப என்னதான் வழி? சீஃப்கிட்ட ஒரு கால் மணி நேரம் கேளுங்க. அவருக்கு ஞாபகம் இருக்கிறதை அப்படியே கிறுக்கித் தரச் சொல்லுங்க. யூனிட்டில் இருக்கிற அசிஸ்டென்ட் புரொபசர் யாராவது அதைக் கடிதமா ஆக்கட்டும். சீஃப் படிச்சுத் திருத்தி, லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். உங்க வேலை, நீங்க போஸ்டிங்கில் இருந்த தேதிகளையும் பார்த்த கேஸ்களையும் ஞாபகப்படுத்தறது மட்டும்தான். அடைமொழி உங்க டிபார்ட்மென்ட் இல்லை!

சீஃப் கிறுக்கினது இதுதான்

நம்ம கேஸில், ஓ.பி. சீட்டு ஒண்ணோட பின்பக்கத்தில் சீஃப் எழுதிக் கொடுத்தது அஞ்சே வரி:

'மெடிசின் போஸ்டிங், ஆறு வாரம், என் யூனிட்.

நைட் டியூட்டி - சுகர் பேஷன்ட், வாந்தி. காஸ்ட்ரைட்டிஸ்னு சொல்லி அட்மிட் ஆனவர். பத்து நிமிஷத்தில் இ.சி.ஜி. எடுத்து ஹார்ட் அட்டாக்னு கண்டுபிடிச்சா. வலது பக்க இ.சி.ஜி.யும் எடுத்தா. சூப்பர்.

காசிமேடு மீனவர், டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டவர். இவதான் காரணம் கேட்டா.

முதல் வாரம் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் லேட். சொன்னேன். அப்புறம் சரியாச்சு.

நல்ல பொண்ணு. அமைதி. கடுமையா உழைப்பா.'

இதைப் பார்த்ததும் என்ன தோணும்? கடைசி வரியை எடுத்து, மெருகேத்தி, ஒரு பக்கத்துக்கு இழுத்துடலாம்னுதானே? அங்கேதான் எல்லாரும் சறுக்கறாங்க. இருக்கிறதிலேயே உபயோகமில்லாத வரி அதுதான்! 'நல்ல பொண்ணு, கடுமையா உழைப்பா'ங்கிறதை யாருக்கு வேணா எழுதலாம். 2003-ல் பிரான்சிஸ் ட்ரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரு அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை அலசினதை வெளியிட்டாங்க. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியா நீளம் கம்மி. அதோட, திறமையைவிட உழைப்பைச் சொல்ற வார்த்தைகளும், லேசா சந்தேகத்தைக் கிளப்பற வரிகளும் அதில் அதிகம். எழுதினவங்க யாரும் வேணும்னே பண்ணியிருக்க மாட்டாங்க. பாராட்டறதா நினைச்சே கீழே இறக்கியிருக்காங்க.

அதனால், அஞ்சாவது வரி அவுட். மத்த நாலும் கண்ணால் பார்த்த சம்பவங்கள். அதில்தான் கடிதம் இருக்கு.

கேஸ் ஷீட் பொய் சொல்லாது

இரண்டாவது வரிக்கு வருவோம். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வாந்தியோடு போயிடலாம். அதனால் 'வயிற்றுக் கோளாறு'ன்னு தப்பா நினைக்கிறது சுலபம். அதைச் சந்தேகப்பட்டு இ.சி.ஜி. எடுத்தது பெரிய விஷயம்தான்.

ஆனா, 'பத்து நிமிஷம்'ங்கிறது சீஃபோட ஞாபகம். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், நோயாளி வார்டுக்கு வந்தது ராத்திரி 1.50, இ.சி.ஜி. பேப்பரில் இருக்கிற நேரம் 2.05. ஆக, பதினைஞ்சு நிமிஷம். கடிதத்தில் பதினைஞ்சுன்னுதான் வரணும்.

அடுத்தது அந்த வலது பக்க இ.சி.ஜி. இதயத்தோட கீழ்ப்பகுதியில் அட்டாக் வந்தால், சில பேருக்கு வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கும். அது தெரியாமல் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வெச்சால் பி.பி. தடாலென இறங்கிடலாம். நெஞ்சின் வலது பக்கம் லீடு வெச்சு ஒரு இ.சி.ஜி. எடுத்தால் விஷயம் தெரிஞ்சிடும். ஒரு ஹவுஸ் சர்ஜன் இதைத் தானா யோசிச்சிருந்தால் நிஜமாவே சூப்பர்தான். கடிதத்தின் ஹைலைட்டே அதுவாத்தான் இருக்கும்.

அசிஸ்டென்ட் புரொபசர் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

''ரைட் சைடு லீடு நீயாவா எடுத்தே?''

''இல்ல சார். இ.சி.ஜி.யைப் பார்த்துட்டு டியூட்டி பி.ஜி.க்கு போன் பண்ணினேன். அவர்தான் எடுக்கச் சொன்னார். சொல்ற வரைக்கும் நைட்ரேட் கொடுக்க வேணாம்னும் சொன்னார்.''

போச்சா ஹைலைட்? இல்லவே இல்லை! ஒரு ஹவுஸ் சர்ஜன் தானே எல்லாம் பண்ணினதா எழுதினால் படிக்கிறவர் புருவத்தைத் தூக்குவார். நாளைக்கு இன்டர்வியூவில் 'அந்தக் கேஸைப் பற்றிச் சொல்லுங்க'ன்னு கேட்டால் பொண்ணு மாட்டிக்கும். அதுக்குப் பதிலா, 'சந்தேகப்பட்டது இவர், உடனே சீனியரைக் கூப்பிட்டது இவர், சீனியர் சொன்னதைச் சரியா செஞ்சது இவர்'னு எழுதலாம். முதல் வருஷ ரெசிடென்ட்கிட்ட எதிர்பார்க்கிறதே இதுதான். தன் எல்லை தெரிஞ்சு, சரியான நேரத்தில் உதவி கேட்கிற ஆள். கூடவே ஒரு போனஸ் வரி: 'என் நினைவில் இவருக்குக் கொடுத்திருந்த ஒரு பாராட்டை இவரே திருத்தினார்.' இந்த ஒரு வரி, 'நேர்மையானவர்'னு பத்து தடவை எழுதறதுக்குச் சமம்.

குறையையும் எழுதணுமா?

மூணாவது வரியில், 'காரணம் கேட்டா'ன்னு மட்டும்தான் இருக்கு. என்ன காரணம்? விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப நாள் கணக்கா ஆகும். டி.பி. மாத்திரை தினமும் சாப்பிடணும். கையில் இருந்த மாத்திரை நடுக்கடலில் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான். பொறுப்பில்லாத ஆள்னு திட்டாமல், அடுத்த ட்ரிப்புக்கு முன்னாடியே மாத்திரை கிடைக்கிற மாதிரி டி.பி. பிரிவு ஊழியர்கிட்ட பேசி வெச்சது இந்தப் பொண்ணு. இதை எழுதும்போது நோயாளியோட பேர், படகு, படுக்கை எண் எதுவும் வரக் கூடாது. 'ஒரு மீனவர்' போதும். அதுக்கப்புறம் அவர் முழுசா குணமானாரான்னு சீஃபுக்குத் தெரியாது. அதனால் 'இவர் முயற்சியால் குணமடைந்தார்'னு சேர்க்கவும் கூடாது. பார்த்தது வரைக்கும்தான் எழுதணும்.

நாலாவது வரி, லேட்டான டிஸ்சார்ஜ் சம்மரி. இதை மறைச்சுடலாமா? வேணாம். குறையே இல்லாத கடிதத்தை யாரும் முழுசா நம்பறதில்லை. ஆனா, சொல்ற விதம் இருக்கு. 'சில சமயம் தாமதம் செய்வார்'னு எழுதினால் விதை போட்ட மாதிரி. 'முதல் வாரம் தாமதமானது. ஒருமுறை சொன்னேன். மீதி ஐந்து வாரமும் நோயாளி கிளம்பும் முன்பே சம்மரி தயாராக இருந்தது'ன்னு எழுதினால், சொன்னால் கேட்டுத் திருந்தற ஆள்னு அர்த்தம். அதே குறைதான். ஆனா, முடிவோடு சேர்த்துச் சொல்லியாச்சு.

கடைசியில் வந்த கடிதம்

போகப் போறது இங்கிலீஷில்தான். சாரத்தை மட்டும் தமிழில் பாருங்க:

'இவர் என் யூனிட்டில் ஆறு வாரம் பணியாற்றினார். தினமும் ரவுண்ட்ஸில் நேரடியாகக் கவனித்தேன். எங்கள் வார்டுக்கு வருபவர்களில் பலர் மீனவர்கள், துறைமுக, தொழிற்சாலைத் தொழிலாளர்கள்.

வாந்தியோடு வந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு, நெஞ்சு வலி இல்லாதபோதும் மாரடைப்பைச் சந்தேகித்து, பதினைந்து நிமிடத்தில் இ.சி.ஜி. எடுத்தார். உடனே சீனியரை அழைத்தார். அவர் சொன்னபடி வலது பக்க இ.சி.ஜி. எடுத்து, நைட்ரேட்டை நிறுத்திவைத்தார். அந்த யோசனை தன்னுடையது அல்ல என்று பிறகு என்னிடம் அவரே தெளிவுபடுத்தினார்...'

இதைத் தொடர்ந்து மீனவர் கேஸ், சம்மரி விஷயம், கடைசியா ஒரு ஒப்பீடு. 'தலைசிறந்த ஐந்து சதவிகிதத்தில் ஒருவர்'னு போடறது ஃபேஷன். சீஃப் அப்படி எண்ணிப் பார்த்ததே இல்லைன்னா அதைப் போடக் கூடாது. 'என் யூனிட்டில் ரெசிடென்ட்டாகத் தயக்கமின்றி எடுத்துக்கொள்வேன்'ங்கிறது அவர் நிஜமாவே சொல்லக்கூடியது. மொத்தம் ஒரு பக்கம். முடிஞ்சது!

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதினாலும், தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த டாக்டரோட கடிதத்துக்குத்தான் அமெரிக்காவில் பல இடங்களில் மவுசு அதிகம். நம்ம சீஃப் கடிதம் அந்த நாலில் ஒண்ணா நிற்கலாம். நாலும் அதுவா இருக்க முடியாது.

அப்புறம், போஸ்டிங் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுப் போய் நின்னால், சீஃபுக்கு 'நல்ல பொண்ணு' மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கடைசி நாள் அன்னிக்கே ஒரு ஓ.பி. சீட்டை நீட்டி, ''சார், ஞாபகம் இருக்கிறதை நாலு வரி எழுதிக் கொடுங்க''ன்னு கேட்டுடுங்க. திட்டும் சேர்த்துத்தான்!