எழுந்து நிற்கும் கணக்கு – 7: முதல் 90 நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை விழுந்துவிட்டது என்று டீக்கடையில் பேச்சு வரும்போது, அது விழுந்து ஆறு மாதமாவது ஆகியிருக்கும். ஷட்டர் இறங்கும் நாளைத்தான் ஊர் பார்க்கிறது. வங்கியின் கணினிக்கு அந்த நாள் முக்கியமில்லை. தவணைத் தேதி தாண்டிய முதல் நாளிலேயே அது எண்ணத் தொடங்கிவிடுகிறது. முதல் 30 நாள் ஒரு கட்டம், 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. வங்கிக்காரர்கள் இவற்றை எஸ்எம்ஏ 0, 1, 2 என்பார்கள். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன் பிறகு உங்களோடு பேசுவது கடன் கொடுத்த கிளை மேலாளர் அல்ல, வசூல் பிரிவு.

வேலை போனவர்களின் கணக்கைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம் சிறு பட்டறைக்காரர். 2019இல் வாகன விற்பனை சரிந்தபோது எஸ்டேட்டில் மூன்று ஷிப்ட் ஓடிய இடங்கள் ஒரு ஷிப்டுக்கு இறங்கின. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அரசு உத்தரவாதத்தோடு, பாக்கி இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதல் கடன் கிடைத்தது. பலருக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. சிலருக்கு விழும் உயரத்தைக் கூட்டியது. இந்த இரண்டாவது வகையினருக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பட்டரவாக்கம் பக்கம் வாடகை ஷெட். இரண்டு விஎம்சி மெஷின். வங்கிக் கடன் பாக்கி 30 லட்சம், மாதத் தவணை 90 ஆயிரம். தண்டலும் கைமாத்துமாக இன்னொரு 4 லட்சம். தொழிலாளிகளின் பி.எஃப். நான்கு மாதமாகக் கட்டவில்லை. வரவேண்டியது 6 லட்சம், ஒரே கம்பெனியிடம் பத்து மாதமாக நிற்கிறது. பெரிய ஆர்டர் போய்விட்டது. இது நான் அமைத்த கணக்குதான், எந்தத் தனி மனிதருடையதும் அல்ல. ஆனால் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

இந்த நிலையில் கையில் வரும் முதல் பத்தாயிரம் யாருக்குப் போகிறது? தண்டல்காரருக்கு. ஏனென்றால் தினமும் வாசலில் வந்து நிற்பவர் அவர்தான். பி.எஃப். அலுவலகம் வாசலில் நிற்பதில்லை, வங்கி கொஞ்ச நாளைக்கு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்புகிறது. சத்தத்தின் அளவை வைத்துக் கடனை வரிசைப்படுத்துவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய பிசகு என்பேன்.

சட்டத்தின் வரிசை இதற்கு நேர்மாறு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாமல் வைத்திருப்பது வெறும் பாக்கி அல்ல. நம்பிக்கை மோசடி என்று வழக்கு வரக்கூடிய குற்றம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். நிறுவனத்தின் சொத்தில் முதல் உரிமையும் அதற்கே. ஆகவே நான்கு மாத பி.எஃப். முதலில். அடுத்தது, ஈடாக மெஷினும் வீடும் நிற்கும் வங்கிக் கடன். கைமாத்துக் கடன்காரர்களிடம் நேரில் போய், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது மூன்றாவது. அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் போனை எடுக்காமல் இருப்பதைவிட இதற்கு மரியாதை அதிகம்.

இனி வங்கி. பெரும்பாலோர் அறியாத ஒன்று இங்கே இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் நலிவைக் கையாள 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒரு நடைமுறையை வகுத்தது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கணக்கு வாராக்கடனாகும் முன்பே வங்கி நலிவை அடையாளம் கண்டு, தன் குழுவின் முன் வைத்து, மூன்றில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பாக்கியைச் சரிசெய்யக் கால அவகாசம், கடன் மறுசீரமைப்பு, இரண்டும் ஆகாதென்றால் வசூல். வங்கி கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் படுக்கப்போகிறது என்று தெரிந்தால் உரிமையாளரே விண்ணப்பிக்கலாம்.

இது வெறும் ஆலோசனை என்றுதான் வங்கிகள் நீண்ட நாள் சொல்லிவந்தன. 2024 ஆகஸ்ட் 1 அன்று புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் ஒரு முள்ளும் உண்டு. தான் குறுந்தொழில் என்பதற்கான சான்றுகளை உரிய காலத்தில் வங்கியிடம் கொடுக்காமல் சும்மா இருந்துவிட்டு, ஏலம் வரும்போது இந்த உரிமையைக் கேட்க முடியாது. ஆகவே உத்யம் சான்றிதழின் நகலோடு ஒரு கடிதத்தை வங்கியில் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்வதுதான் முதல் 90 நாளின் தலையாய வேலை. மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. அவர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார்.

90 நாளும் தாண்டி, சர்ஃபாசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால்? அதில் 60 நாள் கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். குறுந்தொழில் என்ற உரிமையையும் அதிலேயே எழுப்புங்கள். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எதுவும் நின்றுபோவதில்லை.

குழுவின் முன் எதைக் கேட்பது? இங்கேதான் நம் கணக்கு உதவும். இரண்டு மெஷினையும் காப்பாற்றுவேன் என்று போனால் ஒன்றுகூட மிஞ்சாது. ஒன்றை விற்றாக வேண்டும், அதுவும் வங்கியின் எழுத்துமூல சம்மதத்தோடு. அடமானத்தில் இருக்கும் மெஷினை இரவோடிரவாகக் காக்களூருக்கு லாரி ஏற்றி விற்றவர், கடனாளி என்ற இடத்திலிருந்து வேண்டுமென்றே ஏய்த்தவர் என்ற பட்டியலுக்குப் போய்விடுவார். அங்கிருந்து திரும்பி வருவது மிகக் கடினம். முறையாக 14 லட்சத்துக்கு விற்றுக் கடனில் கட்டினால் பாக்கி 16 லட்சம். 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குப் பிரித்தால் தவணை ஏறத்தாழ 35 ஆயிரம். 90 ஆயிரம் 35 ஆயிரமாகிறது.

அது தாங்குமா? மிச்ச மெஷின் நாளைக்கு 12 மணி நேரம், மாதம் 25 நாள், மணிக்கு 400 ரூபாய்க்கு ஓடினால் 1,20,000 ரூபாய். பகலில் ஓர் ஆபரேட்டர், மாலையில் முதலாளியே நிற்க வேண்டும். பெரிய ஷெட்டை விட்டுவிட்டு யாருடைய ஷெட்டிலாவது ஓரமாக இடம் எடுத்தால் வாடகை 15 ஆயிரம். ஆபரேட்டருக்கு 22, மின்சாரத்துக்கு 18, டூலுக்கும் ஆயிலுக்கும் 12. போக 53 ஆயிரம் மிச்சம். தவணை கட்டினால் வீட்டுக்கு 18 ஆயிரம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது ஓடாது. இரண்டாவது மாதமே தண்டல்காரரிடம் போக வேண்டிவரும். அதனால்தான் முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்க வேண்டும். அப்போது மாதம் 15 ஆயிரத்துக்குள் முடியும், வீட்டுக்கு 38 ஆயிரம் நிற்கும். இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகிறவரைக் குழு வேறு மாதிரிப் பார்க்கும். மறுசீரமைத்த கணக்கு வங்கியின் ஏட்டில் தரம் இறங்குவது உண்டு. ஒழுங்காகக் கட்டிவந்தால் மீண்டும் மேலே வரும்.

வங்கியோடு மின்வாரியத்துக்கும் ஒரு மனு வேண்டும். 2022 செப்டம்பரில் நிலைக்கட்டணம் ஏறியபின், ஓடாத மெஷினுக்கும் காசு போகிறது. மெஷினை விற்ற கையோடு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைக்க மனுக் கொடுங்கள்.

அடுத்தது வரவேண்டிய 6 லட்சம். எம்எஸ்எம்இடி சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18. பத்து மாதத்தில் 6 லட்சத்துக்குச் சுமார் 96 ஆயிரம் ரூபாய் ஏறும். உத்யம் பதிவு, சரக்கு கொடுத்த நாளுக்கு முன்பே இருப்பது பாதுகாப்பு. புகாரை இணையத்தில் பதிந்தால் சென்னை மண்டலக் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சிலின் உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போகும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இந்த ஒரு விதியாலேயே பல கம்பெனிகள் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும்.

ஆனால் புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமே? போகும். அதை மறைத்து எழுத மாட்டேன். அதனால் இனி வேலை தராது என்று உறுதியாகத் தெரிந்த கம்பெனி மீது மட்டும் கவுன்சிலுக்குப் போங்கள். வேலை தந்துகொண்டிருக்கும் கம்பெனிக்கு வேறு கயிறு இருக்கிறது. வருமானவரிச் சட்டத்தின் விதிப்படி, சிறு, குறு நிறுவனத்துக்கான பில்லைக் கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவுவரை கட்டாத கம்பெனி அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே பிப்ரவரியிலேயே பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பினால் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவே உங்களுக்காக வாதாடும். இன்னொன்று: பில்லை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றாமல் விட்டுவிட்டு, பணம் வரவில்லை என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிக்கு வரிக் கழிவு கிடைக்காதபோது அது ஏன் பணத்தை விடும்?

கடைசியாக ஒரு தவறான நம்பிக்கை. ஈடில்லாக் கடன் வாங்கியவர் பலர், 'சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் இருக்கு, அரசாங்கம் கட்டிடும்' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கு. உத்தரவாதத் தொகை வங்கிக்குப் போன பிறகும் உங்கள் கடன் அப்படியே நிற்கும், வசூலும் தொடரும். அதுபோல ஓடிஎஸ் பேசி முடித்தால் சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது. 'செட்டில் செய்யப்பட்டது' என்றுதான் நிற்கும். மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது மெஷின் வாங்கப் போகும்போது அந்தச் சொல் குறுக்கே வரும். கட்டமுடியும் என்ற நிலை சிறிதளவாவது இருந்தால் ஓடிஎஸ்ஸுக்குப் போகாமல், மறுசீரமைப்புக்குப் போவதே மேல்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பட்டறை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: தவணை ஒன்று தவறியிருந்தால், இன்று எத்தனையாவது நாள் என்று வங்கியில் கேளுங்கள். 90க்குள் என்றால் நாளைக் காலையே கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரின் பொறுப்பு எதுவரை?)