முதலில் கார்டு, அப்புறம்தான் நாற்காலி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளில், ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் தரைக்குப் புது பெயின்ட் அடிக்கிறார்கள், பூங்கொத்து சொல்லிவைக்கிறார்கள், பவர்பாயின்டை நாலு முறை திருத்துகிறார்கள். ஆனால் வந்தவர் வண்டியை விட்டு இறங்கியதும் குனிவதா, கை கொடுப்பதா, விசிட்டிங் கார்டை எப்போது நீட்டுவது என்பதை மட்டும் யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது, யாரைப் பார்த்துப் பேசுவது என்பதெல்லாம் அந்த முதல் சில நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது.

ஜப்பானிய அலுவலகத்தில் எல்லாமே பதவி வரிசைப்படி நடக்கும். ஷாச்சோ என்பவர் நிறுவனத் தலைவர். புச்சோ ஒரு துறையின் தலைவர். அவருக்குக் கீழே ஒரு பிரிவைப் பார்ப்பவர் காச்சோ. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் குனியும் அளவு மாறும், பேசும் வினைச்சொல்லே மாறும். ஆகவே ஆள் யாரென்று தெரியாமல் அவர்களால் இயல்பாகப் பேச்சைத் தொடங்க முடியாது. அதைத் தெரிவிப்பது மெய்ஷி எனப்படும் விசிட்டிங் கார்டு. நமக்கு அது போன் நம்பர் எழுதிய சீட்டு. கிளம்பும்போது ஞாபகம் வந்தால் கொடுப்போம். அவர்களுக்கு அதுதான் அறிமுகம். அதனால் உட்காருவதற்கு முன்பே, நின்றபடி கொடுக்கிறார்கள்.

ஒரு புச்சோ, ஒரு காச்சோ, ஓர் இளம் பொறியாளர் என மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் நிர்வாக இயக்குநர், ஆலை மேலாளர், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இத்தனை நாள் அந்தப் பொறியாளரோடு மெயிலில் பேசியவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிதான். தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் அவர் முதல் ஆளாகப் போய்ப் பொறியாளரின் கையைக் குலுக்கினால், அந்த இளைஞர் நெளிவார். அவருடைய புச்சோவை இன்னும் யாரும் வரவேற்கவில்லையே! முதலில் நம் இயக்குநரும் அவர்களுடைய புச்சோவும் கார்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் இயக்குநர் காச்சோவிடம் நகர, நம் மேலாளர் புச்சோவுக்கு முன் வருவார். இப்படியே வரிசையாக ஒன்பது கைமாற்றங்கள். சில நிமிடங்கள் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது.

யார் முதலில் நீட்டுவது? வந்தவர் கொடுப்பது ஒரு வழக்கம். பொருளை விற்பவர் முந்திக்கொள்வது இன்னொரு வழக்கம். இங்கே அவர்கள் விருந்தாளிகள், நாம் விற்பவர்கள். எனவே கார்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நாம் தயங்காமல் நீட்டிவிடுவதே நல்லது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் நீட்டக் கூடாது. சுற்றிப் போய் நேர் எதிரே நிற்க வேண்டும். எழுத்து அவர் படிக்கும்படி திரும்பியிருக்க வேண்டும். பெயர்மேலும் நிறுவனச் சின்னத்தின்மேலும் விரல் படாமல் இரண்டு கையாலும் பிடித்து, நிறுவனத்தின் பெயரையும் தன் பெயரையும் சொல்லி, அவருடைய கார்டைவிடச் சற்றுத் தாழ்வாக நீட்டினால் மரியாதை.

நடைமுறையில் இருவரும் ஒரே நேரத்தில் நீட்டிவிடுவார்கள். அப்போது வலக்கையால் கொடுத்து, இடக்கையிலுள்ள கார்டு உறைமேல் அவருடைய கார்டை வாங்கிக்கொள்ள வேண்டும். இடக்கையால் வாங்குவதா என்று நமக்குக் கூசும். அவர்களுக்கு அதில் குறையொன்றும் இல்லை. வலக்கை காலியானதும் அதையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் நம் கூச்சமும் தீர்ந்துவிடும். வாங்கியதும் சட்டைப் பையில் போடாமல், நின்று படித்து, பெயரோடு 'சான்' சேர்த்து ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். உச்சரிப்பு புரியாவிட்டால் அப்போதே கேட்பது தவறில்லை.

குனிவதில் மூன்று அளவுகள் உண்டு. வழியில் எதிர்ப்படுபவருக்குச் சுமார் 15 பாகை, வாடிக்கையாளரை வரவேற்க 30, மன்னிப்புக் கேட்கவோ ஆழ்ந்த நன்றி சொல்லவோ 45. கழுத்தை மட்டும் ஆட்டாமல், முதுகு நேராக இருக்க இடுப்பிலிருந்து சாய வேண்டும். பார்வையும் கீழே போக வேண்டும். வெளிநாட்டவர் அளவெடுத்துக் குனிய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அவர் குனியும்போது நாமும் நிதானமாகக் குனிந்து நிமிர்ந்தால் போதும்.

சிக்கல் வருவது குனிவதும் கைகுலுக்குவதும் ஒன்றாகக் கலக்கும்போதுதான். கைகொடுக்கும் தூரத்தில் நின்று இருவரும் குனிந்தால் தலை இடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் டோக்கியோ அரண்மனையில் அமெரிக்க அதிபர் ஒபாமா, பேரரசர் அகிஹிடோவின் கையைப் பிடித்தபடியே இடுப்பு வளையக் குனிந்தார். அமெரிக்காவில் அது பெரிய சர்ச்சையானது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைச் செய்தால் இந்தக் குழப்பம் இல்லை. வெளிநாட்டுக்கு வரும் ஜப்பானியர் பலர் தாமே கை நீட்டுவார்கள்; நீட்டினால் குலுக்கலாம். அவர் பிடி மெதுவாக இருந்தால் விருப்பமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இறுக்கிப் பிடித்து உலுக்குவதும் தோளில் தட்டுவதும் வேண்டாம். அவர் கை நீட்டாவிட்டால் நாமும் வற்புறுத்த வேண்டியதில்லை. நாம் கைகூப்பி வணக்கம் சொன்னால் அது இந்திய வழக்கம் என்று புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது இருக்கை. கதவிலிருந்து தள்ளியிருக்கும் இடம்தான் அவர்கள் வழக்கப்படி விருந்தினருக்கு உரியது. உட்கார்ந்த பிறகு, வாங்கிய கார்டுகளை அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசையிலேயே மேசைமேல் அடுக்கலாம். பெரியவருடைய கார்டு உறைமேல் இருக்கட்டும். அவர்கள் முன்னால் கார்டில் எதையும் கிறுக்கக் கூடாது. டீ தம்ளரை அதன்மேல் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கார்டிலும் ஒரு திருத்தம் தேவை. 'கே. எஸ். முருகன்' என்று அச்சிட்டால் எது குடும்பப் பெயர், எதைச் சொல்லி அழைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. அழைக்க வேண்டிய பெயரைப் பெரிதாகவும், பின்பக்கம் ஜப்பானிய எழுத்தில் அதன் உச்சரிப்பையும் பதவியையும் அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பதவியைப் பொதுவாக 'மேனேஜர்' என்று விடாமல், எந்தத் துறைக்கு என்று தெளிவாகப் போட வேண்டும். கார்டு தீர்ந்துபோனால் மன்னிப்புக் கேட்டு, பெயரைச் சொல்லி, பிறகு அனுப்பிவைக்கலாம்.

தவறு நேர்ந்தால் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாம் உட்கார்ந்த பிறகும் யாராவது கார்டு உறையைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தால், ஒருவரை விட்டுவிட்டோம் என்று பொருள். உடனே எழுந்து அவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்த முறை அதே ஆட்கள் வந்தால் கார்டு மறுபடி தேவையில்லை. இடையில் நம் மேலாளருக்குப் பதவி உயர்வு வந்திருந்தால் மட்டும் புதுக் கார்டைக் கொடுக்க வேண்டும். இனி அவரை எங்கே உட்கார வைப்பது, யார் அவரோடு பேசுவது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள்.