மோட்டார் பாதி, பைப்பு பாதி

பல்லடம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. கிணற்றுக்குள் ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் கிடக்கிறது. இருநூறு மீட்டர் தள்ளி, சற்று மேடான இடத்தில் ஒரு தொட்டி. தோப்புக்காரருக்கு ஒரே குறைதான்.

“மோட்டார் தகட்டுல விநாடிக்கு ஆறு லிட்டர்னு அடிச்சிருக்குங்க. ஆனா அவ்வளவு தண்ணி வர்றதில்ல. இதக் கழட்டிட்டு ஏழரை எச்.பி. போட்றலாம்னு இருக்கறனுங்க.”

வாங்குவதற்கு முன் வருகிற தண்ணீரை அளந்து பார்க்கலாம் என்றேன். தொட்டியில் விழும் பைப்பின் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்தோம். நிறைய 37 விநாடி பிடித்தது. மூன்று முறை அளந்தும் அதே கணக்குதான். விநாடிக்கு 5.4 லிட்டர். தகடு பொய் சொல்கிறதா?

இல்லை. தகட்டில் ஆறு லிட்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருந்தது: ஹெட் 31 மீட்டர். தண்ணீரை 31 மீட்டர் உயரம் தள்ள வேண்டியிருந்தால் ஆறு லிட்டர் வரும் என்பதுதான் அதன் பொருள். உயரம் மாறினால் லிட்டரும் மாறும். எப்படி மாறும் என்பதைச் சொல்வதுதான் பம்பு வளைகோடு. கம்பெனி கேட்லாக்கில் அந்தப் படம் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் கிடைக்கும்.

கிராஃப் தாளில் கீழே இடமிருந்து வலமாக விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கீழிருந்து மேலாக ஹெட், மீட்டரில். இந்தப் பம்பின் கோடு இடது மேல் மூலையில் 40 மீட்டரில் தொடங்குகிறது. வால்வை முழுக்க மூடினால் ஒரு சொட்டும் வராது. அழுத்தம் மட்டும் 40 மீட்டர் அளவுக்கு ஏறி நிற்கும். அங்கிருந்து கோடு வலப்பக்கம் சரிகிறது. 4 லிட்டருக்கு 36 மீட்டர், 6 லிட்டருக்கு 31, 8 லிட்டருக்கு 24. தண்ணீர் கூடக்கூட, தள்ளும் உயரம் குறைகிறது.

இந்தக் கோட்டின் மேல் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பம்பு ஓடும். எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைப் பம்பு தனியாக முடிவு செய்வதில்லை. அதற்குப் பைப்பின் கோடும் வேண்டும்.

பைப்பின் கோட்டில் இரண்டு பங்கு உண்டு. முதல் பங்கு, நிலையான ஏற்றம். கிணற்றில் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 14 மீட்டர் கீழே. தொட்டியின் வாய் தரையிலிருந்து 4 மீட்டர் மேலே. மொத்தம் 18 மீட்டர். ஒரு சொட்டு வந்தாலும் இந்த 18 மீட்டரை ஏறித்தான் வரவேண்டும். அதனால் பைப்புக் கோடு 18 மீட்டரில் தொடங்குகிறது.

இரண்டாவது பங்கு, பைப்பின் உள்சுவரில் தண்ணீர் உராய்வதால் வரும் இழப்பு. இது ஓடும் தண்ணீரைப் பொறுத்தது. இங்கே கிடப்பது இரண்டு இஞ்சு பிவிசி பைப்பு; உள்விட்டம் 58 மில்லிமீட்டர். வளைவுகளையும் சேர்த்து 200 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 2 லிட்டர் ஓடும்போது உராய்வுக்குப் போவது 2.4 மீட்டர்தான். ஓட்டத்தை இரட்டித்து 4 லிட்டர் ஆக்கினால் இழப்பு இரட்டிப்பதில்லை. மூன்றரை மடங்குக்கு மேல் ஏறி 8.6 மீட்டர் ஆகிறது. 6 லிட்டருக்கு 18.3 மீட்டர். இதோடு 18 மீட்டர் ஏற்றத்தைக் கூட்டிக் குறித்தால், வலப்பக்கம் போகப்போகச் செங்குத்தாக நிமிரும் ஒரு கோடு கிடைக்கும்.

ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. இரண்டும் ஒரே ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். பம்பு கொடுக்கிற ஹெட்டும் பைப்பு கேட்கிற ஹெட்டும் சமமாகும் அந்த இடத்தில்தான் மோட்டார் ஓடும். எங்கள் தாளில் அந்தப் புள்ளி 5.4 லிட்டருக்குச் சற்று முன்னால், 33 மீட்டர் உயரத்தில் விழுந்தது. டிரம் சொன்னதும் அதுவேதான்.

இப்போது ஏழரை எச்.பி.க்கு வருவோம். அவருக்கு வேண்டியது விநாடிக்கு 7 லிட்டர். அதே இரண்டு இஞ்சு பைப்பில் 7 லிட்டரைத் தள்ள உராய்வு மட்டும் 24 மீட்டர் கேட்கும். ஏற்றத்தோடு சேர்த்து 42 மீட்டர். இப்போதிருக்கும் பம்புக்கு வால்வை மூடினாலும் 40 மீட்டர்தான். ஆகவே ஏழரை எச்.பி. போட்டால்தான் முடியும், அவர் நினைத்தது அந்த அளவில் சரி.

ஆனால் பைப்பை இரண்டரை இஞ்சாக மாற்றினால்? உள்விட்டம் 58 மில்லிமீட்டரிலிருந்து 70 ஆகிறது. கண்ணுக்கு விரல்கனம்தான் வித்தியாசம். உராய்வோ பத்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடுகிறது. 7 லிட்டருக்கு 24 மீட்டர் கேட்ட இடத்தில் 10 மீட்டருக்குள் முடிகிறது. மொத்தம் 28 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பழைய பம்பின் கோட்டில் 7 லிட்டருக்கு நேராகப் பாருங்கள்: அங்கும் அதே 28 மீட்டர்தான். மோட்டாரைத் தொடாமலே வெட்டும் புள்ளி 7 லிட்டருக்கு நகர்ந்துவிடுகிறது.

மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில் ஆறு மணி நேரம் ஓட்டினால், முன்பு சுமார் 1,15,000 லிட்டர். இப்போது 1,51,000 லிட்டர். ஏழரை எச்.பி. மோட்டாரும் இதே தண்ணீரைத்தான் கொடுத்திருக்கும். கூடுதல் இரண்டரை எச்.பி. முழுவதும் ஒடுங்கிய பைப்பின் சுவரை உரசியே தீர்ந்திருக்கும்.

கோடை இந்தப் படத்தை மாற்றும். கிணற்றில் தண்ணீர் எட்டு மீட்டர் இறங்கினால், பைப்புக் கோடு வளைவு மாறாமல் அப்படியே எட்டு மீட்டர் மேலே ஏறும். வெட்டும் புள்ளி இடப்பக்கம் நகரும். பழைய பைப்பில் 4.2 லிட்டர்தான் வரும். புதிய பைப்பில் 5.5. பைப்பை மாற்றுவதால் கோடையை வெல்ல முடியாது, அடியைத் தாங்க முடியும்.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் கிணறு நிரம்பியிருக்க, பைப்பைக் கிணற்று வாயிலேயே கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பம்புக்கு வேலை குறைவு என்று தோன்றும். உண்மையில் பைப்புக் கோடு கீழே விழுந்து, புள்ளி வலது ஓரத்துக்கு ஓடிவிடும். இந்த வகைப் பம்புகளில் தண்ணீர் கூடினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் கூடும். பேனலில் ஆம்பியர் முள் தகட்டில் உள்ள அளவைத் தாண்டினால் வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும். மூடினால் முள் இறங்கும். இப்படி மூடாமல் விட்டு காயில் கருகிய மோட்டார்கள் பல.

தாளும் நிஜமும் ஒத்துப்போகாவிட்டால், குறை எங்கே என்பதையும் இதே படம் காட்டும். கிணற்று வாயில் பைப்பில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டினோம். 1.8 கிலோ காட்டியது. ஒரு கிலோவுக்குப் பத்து மீட்டர் என்ற கணக்கில் 18 மீட்டர். அதோடு தண்ணீர் மட்டம் வரை 14, கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் உராய்வு சுமார் 1. மொத்தம் 33 மீட்டர். டிரம்மின் 5.4 லிட்டரையும் இந்த 33 மீட்டரையும் தாளில் குறித்தால் புள்ளி பம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. ஆக பம்பு நலமாக இருக்கிறது.

டிரம் 45 விநாடி எடுத்து, கேஜும் இறங்கியிருந்தால் புள்ளி பம்புக் கோட்டுக்குக் கீழே விழும். இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அடைத்திருக்கலாம். வோல்டேஜையும் பார்க்க வேண்டும். டிரம் 45 விநாடி எடுத்தும் கேஜ் ஏறியிருந்தால் புள்ளி பம்புக் கோட்டிலேயே இடப்பக்கம் நகர்ந்திருக்கும். பம்பைப் பிரிக்க வேண்டாம், கோளாறு பைப்பில். பாதி மூடிய வால்வோ, உள்ளே படிந்த உப்போ, எங்கோ நசுங்கிய துண்டோ தடுத்து நிற்கிறது.

தோப்புக்காரர் தாளை வாங்கி இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் விரலை வைத்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்: “ரெண்டரை இஞ்சு, 200 மீட்டர்.”