எந்தக் கடையிலிருந்து கசிந்தது உங்கள் முகவரி?

2020-இல் பிக்பாஸ்கெட் மளிகைத் தளத்தின் தரவு களவு போனது. சுமார் 2 கோடிப் பேரின் மின்னஞ்சல், தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் அடுத்த ஆண்டு இணையத்தில் பரவின. வங்கிக்கும் மளிகைக்கும் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்திருந்தவரால், பிறகு வந்த மோசடி அஞ்சல் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கடைகளுக்கும் செயலிகளுக்கும் மட்டும் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள்; அதைப் பதிவுக் கணக்கு என்போம். வங்கி, வருமான வரி, டிஜிலாக்கர் எல்லாம் பழைய முகவரியிலேயே இருக்கட்டும். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் அஞ்சல் உங்கள் பெட்டிக்கே வரும். மளிகைக் கடைக்கு இப்படிக் கொடுக்கலாம்:

```
ungalpeyar.pathivu+maligai7k@gmail.com
```

கடைசியில் உள்ள 7k யாரும் ஊகித்துவிடாமல் இருக்கத்தான். கடைக்குக் கடை இதை மாற்றுங்கள்.

ஒரு நாள், 'பார்சல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டுங்கள்' என்று கூரியர் பெயரில் அஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பாருங்கள். அங்கே maligai7k இருந்தால், அந்த மளிகைக் கடை வழியாகத்தான் முகவரி வெளியே போயிருக்கிறது. களவு போனதா, விற்கப்பட்டதா, கடைக்காக அஞ்சல் அனுப்பும் வேறு நிறுவனத்திலிருந்து கசிந்ததா என்பதை இது சொல்லாது. அந்தக் கடையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்; கணக்கில் 7k-வுக்குப் பதில் வேறு எழுத்துகளைக் கொடுங்கள். maligai7k முகவரிக்கு இனி வருவதை நேரே குப்பைக்கு அனுப்ப ஜிமெயிலில் ஃபில்டர் போட்டுவிடலாம்.

இதில் ஓட்டையும் உண்டு. சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. விவரமான மோசடிக்காரர் குறியை வெட்டிவிட்டு வெறும் முகவரிக்கு அனுப்புவார். ஆனால் வெறும் முகவரியை நீங்கள் யாருக்குமே கொடுக்கவில்லை என்றால், அதற்கு வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியதுதான். கசிவைச் சோதிக்கும் 'ஹேவ் ஐ பீன் ப்வ்ன்ட்' தளத்தில் குறியோடு முழு முகவரியையும் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது கணக்கை மீட்கும்போதுதான். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் தளம் கேட்பது குறியோடு கூடிய முகவரியை. அதனால் எந்தக் கடைக்கு எது என்று கடவுச்சொல் பெட்டகத்தில் எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டிருந்தால், அந்தக் கடையின் பழைய ரசீது அஞ்சலைத் திறந்து பெறுநர் வரியைப் பாருங்கள். பதிவுக் கணக்கின் மீட்பு முகவரியாகப் பழைய முகவரியைக் கொடுக்கலாம். பழையதற்கு மீட்பு முகவரியாகப் பதிவுக் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை காத்திருக்காமல், பெறுநர் வரி தெரியும் படத்தோடு கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். பணமே போய்விட்டதென்றால் முதலில் 1930-ஐ அழையுங்கள், பிறகு cybercrime.gov.in-இல் புகார் பதியுங்கள். அந்தப் படத்தை அங்கேயும் இணைக்கலாம்.