மாட்டுக்கறிக்கு எத்தனை விசில்?

அரியமங்கலத்தில் கறி வாங்கித் திரும்பும் இருவரிடம் கேளுங்கள். ஒருவர் ஆறு விசில் என்பார், மற்றவர் பன்னிரண்டு என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம். பெருந்தீயில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வரும் விசில், சிறுதீயில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். அதனால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடக் கணக்கு வைப்பதே நம்பகமானது.

நம் ஊர்க் கறிக்கு நேரம் கூடுதலாகவே பிடிக்கும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதென்று சான்று பெற்ற மாட்டையே பொதுவாக அறுக்கலாம். வயது ஏற ஏற, சதையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்கின்றன. இளம் மாட்டின் இறைச்சியை வைத்து எழுதிய வெளிநாட்டுச் சமையல் குறிப்பு இங்கே பொய்த்துப்போவது அதனால்தான்.

அந்தக் கொலாஜன் ஈரச்சூட்டில் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று ஆகும். திறந்த சட்டியில் 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறாது. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி. சட்டியில் மூன்று மணி நேரம் எடுப்பது குக்கரில் முக்கால் மணியில் முடிகிறது. ஆனால் அதே சூடு சதைநாரைச் சுருக்கி, அதிலுள்ள நீரைப் பிழிந்தும் விடும். ஜவ்வு நிறைந்த கால்சதை, கழுத்து, வால் ஆகியவற்றில் கரையும் ஜெலட்டின் அந்த வறட்சியை ஈடுகட்டும். ஜவ்வு குறைந்த தொடைக்கறியில் ஈடுகட்ட எதுவும் இல்லை.

கடைகளில் இரண்டையும் கலந்து போடுவது வழக்கம். ஒரு கிலோவில் பாதி கால்சதை, பாதி தொடை என்றால் நான் சேர்த்து வேகவைக்க மாட்டேன். கால்சதையை மட்டும் உப்பு, மஞ்சள், ஒரு டம்ளர் தண்ணீருடன் சிறுதீயில் இருபது நிமிடம். ஆவி தானாக அடங்கியபின் திறந்து, தொடைத் துண்டுகளைப் போட்டு, மீண்டும் முதல் விசிலிலிருந்து பதினைந்து நிமிடம். வெயிட்டைத் தூக்கி ஆவியை அவசரமாக வெளியேற்றினால் துண்டுக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியேறும், கறி விறைக்கும். எருமைக்கறி என்றால் முதல் கட்டத்தில் இன்னும் பத்து நிமிடம் கூட்டலாம்.

திறந்ததும் துண்டின் ஓரத்திலுள்ள வெள்ளை ஜவ்வைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் மாதிரி எதிர்த்தால் மறுபடி மூடி வையுங்கள், பத்து நிமிடம். கண்ணாடிபோல் தெளிந்து, அழுத்தினால் நசுங்கி, நடுவில் மட்டும் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தால் விசில் வேலை முடிந்தது. வதக்கிய மசாலாவைச் சேர்த்து, மூடாமல் சிறுதீயில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மிச்ச இறுக்கம் தளர்வதற்குள் குழம்பும் வற்றிக் கெட்டிப்படும்.

தொடைக்கறி நார்நாராகப் பிரிந்து, வாயில் சக்கையாக நின்றால் அது வேகாததல்ல, அளவுக்கு மிஞ்சி வெந்தது. அதற்கு இனி எத்தனை விசில் விட்டாலும் பயனில்லை. பிய்த்துப் போட்டு, மிளகும் வெங்காயமும் தாராளமாகச் சேர்த்து வறுத்துவிடுங்கள்.